பெயரை மாற்றினால் பொருந்தக் கூடாத உரை

இரங்கல் கூட்டங்களில் பேசப்படும் உரைகளைப் பற்றி எனக்கு நெடுநாளாகவே ஒரு மனக்குறை உண்டு. ஒரு தொழில் நிறுவனத்தைத் தொடங்கி வளர்த்தவர் இறந்துபோகிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் மண்டபத்தில் படத்திறப்பு நடக்கிறது. மாலை சாத்தி, மௌன அஞ்சலி செலுத்தியதும் ஒவ்வொருவராக ஒலிவாங்கிக்கு முன்னால் வருகிறார்கள். கடின உழைப்பாளி என்கிறார்கள். எளிமையானவர், தொழிலாளர்களைத் தம் பிள்ளைகளாக நினைத்தவர், ஈடு செய்ய முடியாத இழப்பு என்கிறார்கள். அடுத்த மாதம் வேறொரு மண்டபத்தில், வேறொருவர் படத்துக்கு முன்னால், அதே சொற்கள் அதே வரிசையில் வருகின்றன. பேசுகிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைக்கவில்லை. குரல் உடைந்து பாதியில் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். துக்கம் உண்மையானது. ஆனால் அவர்கள் சொல்கிற சொற்களுக்குள் இறந்தவர் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளை, தாத்தா பெரிய மனிதர் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்குப் போகிறது. அவர் பெரிய மனிதராக என்ன செய்தார் என்பதை யாரும் அதனிடம் சொல்வதில்லை.

கோவையில் ஒரு பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில், டெஸ்டிங் பிரிவில், என் வேலைக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். அதைத் தொடங்கியவர் காலமான சில நாட்களில், இப்போது நிறுவனத்தை நடத்தும் அவருடைய மகள் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, வேலை பார்த்தவர்கள் சார்பில் நீங்கள்தான் பேச வேண்டும். ஐந்து நிமிடம் போதும். நீளமாகப் பேசினால் அப்பாவுக்குப் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும்" என்றார். "சரி அம்மணி, பேசுகிறேன்" என்றேன். மற்றவர்கள் உரையில் குறை கண்டுகொண்டிருப்பது எளிது. ஒலிவாங்கி நம் முன்னால் வரும்போது என்ன சொல்வது?

முதலில் ஐந்து நிமிடம் என்பது எவ்வளவு என்று பார்த்தேன். மேடையில், அதுவும் துக்க வீட்டாரின் முன்னால், நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு எழுபது அல்லது எண்பது தமிழ்ச் சொற்களுக்கு மேல் போகாது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு உரக்கப் படித்துப் பார்த்தால் எவருக்கும் இது தெரிந்துவிடும். மனதுக்குள் படித்துப் பார்ப்பது உதவாது, அந்த வேகம் வேறு. ஆக முந்நூற்றைம்பது சொற்கள். தொண்டை அடைத்தால் நின்று தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். எனவே முந்நூறு. மேடையில் இருப்பவர்களைப் பட்டத்தோடும் பதவியோடும் வரிசையாக விளித்தால் அதில் பாதி போய்விடும். விளிப்பை ஒரே வாக்கியத்தில் முடிப்பது என்று அப்போதே தீர்மானித்தேன். முந்நூறு சொல்லில் ஒரு வாழ்க்கையைச் சொல்ல முடியாது. ஒரு நாளைச் சொல்லலாம். எந்த நாள் என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியதாக இருந்தது.

யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

என் நினைவை மட்டும் நம்பவில்லை. முதலாளியை நான் பார்த்தது டெஸ்டிங் பெஞ்சுக்குப் பக்கத்தில் இருந்துதான். பவுண்டரியில் இருந்தவர் வேறொரு மனிதரைப் பார்த்திருப்பார், கார் ஓட்டியவர் இன்னொருவரை. எனவே கூட்டத்துக்கு முன்னால் இருந்த நாட்களில் பழையவர்களைத் தேடிப் போனேன். "முதலாளி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டபோதெல்லாம், மேடையில் கேட்கிற அதே சொற்கள்தான் வந்தன. தங்கமான மனிதர் என்றார்கள். கேள்வியை மாற்றியதும் பதில் மாறியது. அவர் உங்களிடம் கடைசியாக எதற்குக் கோபப்பட்டார்? அவர் பையில் எப்போதும் என்ன வைத்திருப்பார்? அவர் செய்து நீங்கள் புரியாமல் நின்ற காரியம் ஏதாவது உண்டா? இப்படிக் கேட்டால் மனிதர்கள் சற்று யோசிக்கிறார்கள். யோசித்தபின் வருவது அவர்கள் கண்ணால் கண்டது.

கண்ணால் காணாதவையும் வந்தன, அவற்றை வடிகட்ட வேண்டியிருந்தது. தொழில் தொடங்கிய காலத்தில் முதலாளி பல நாட்கள் ரயில் நிலையத்தில் படுத்து உறங்கினார் என்று நான்கைந்து பேர் சொன்னார்கள். யார் பார்த்தது என்று கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டினார்கள். கடைசியில் அவருடைய மனைவியிடம் கேட்டேன். "எந்த நேரமானாலும் வீட்டுக்கு வந்துதான் படுப்பார், வெளியில் அவருக்குத் தூக்கம் வராது" என்றார். அந்தக் கதை அத்தோடு முடிந்தது. நிறுவனர்களைச் சுற்றி இப்படிக் கதைகள் படிவது இயல்பு. ஆனால் மேடையில் அப்படி ஒன்றைச் சொன்னால், அது நடக்கவில்லை என்று தெரிந்த ஒருவர் நிச்சயமாக அவையில் இருப்பார். அந்தக் கணத்திலிருந்து அவருக்கு மற்றதெல்லாம் சந்தேகமாகிவிடும். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவியாக இருப்பார். அதுதான் கொடுமை.

அந்த அம்மாவிடம் இன்னொன்றையும் கேட்டேன். முதலாளி தம் வீட்டு நகையை அடகு வைத்துத் தீபாவளி போனஸ் கொடுத்தார் என்பது எங்கள் நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. உரையில் அதைச் சேர்க்க நினைத்திருந்தேன். அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடகு வைத்தவர் அவர் இல்லை, நான். அவர் கேட்கவே இல்லை. வைத்துவிட்டுத்தான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை" என்றார். பிறகு, "அதை மேடையில் சொல்ல வேண்டாம்" என்றும் சொன்னார். சொல்லவில்லை. பின்னர் இந்தக் கட்டுரைக்காகத் தனியாக அனுமதி கேட்டேன். பெயரில்லாமல் எழுதுங்கள் என்றார். இத்தனை ஆண்டுகளாகக் கணவன் பெயரில் பாராட்டப்பட்டுவந்த ஒரு செயல் மனைவியுடையது. அவரிடம் கேட்காமல் மேடையேறியிருந்தால், அவர் கண் முன்னாலேயே அதை மறுபடியும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருப்பேன்.

மோட்டார் ரூமில் ஓர் இரவு

எனக்கு வேண்டிய நாள் கிடைத்தது சர்வீஸ் பிரிவில் இருந்த ஒரு மெக்கானிக்கிடம். இப்போது அவர் ஓய்வு பெற்று மகன் வீட்டில் இருக்கிறார். "அவர் செய்து நீங்கள் புரியாமல் நின்ற காரியம்?" என்ற கேள்விக்கு உடனே, "ராத்திரி முழுக்க வோல்ட் மீட்டரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது" என்றார்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பல்லடத்துக்கு அப்பால் ஒரு விவசாயி எங்கள் 5 குதிரைசக்தி மோனோபிளாக் பம்பை வாங்கியிருந்தார். ஒரே வெள்ளாமைக்குள் மூன்று முறை காயில் எரிந்தது. சர்வீஸ் பிரிவு ஒவ்வொரு முறையும் ஒரே பதிலைத்தான் எழுதியது: வோல்டேஜ் குறைவு, எங்கள் பொறுப்பு அல்ல. கியாரண்டி தாளிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. தொழில் முறைப்படி அந்தப் பதிலில் தவறில்லை. மூன்றாவது முறை அந்த விவசாயி மோட்டாரை மாட்டுவண்டியில் ஏற்றி, பஸ் நிலையம் வரை கொண்டுவந்து, அங்கிருந்து எப்படியோ ஆலை வாசலில் இறக்கிவிட்டார். ஒன்றும் பேசாமல் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார். முதலாளி காரில் உள்ளே வரும்போது அவரைப் பார்த்திருக்கிறார்.

அன்று மாலையே முதலாளி மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு அந்தத் தோட்டத்துக்குப் போனார். காரில் புதுக் காயில் கட்டிய மோட்டாரும், ஒரு வோல்ட் மீட்டரும், மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரும் இருந்தன. விவசாயத்துக்கான மும்முனை மின்சாரம் அந்தப் பகுதிக்கு இரவில்தான் வரும். இருவரும் மோட்டார் ரூமில் காத்திருந்தார்கள். பதினொரு மணிக்கு மேல் கரண்ட் வந்தது. வந்த அந்த நொடியே, அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்த மோட்டார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. மீட்டர் முள் 415 வோல்ட்டில் நிற்க வேண்டும். 310க்குக் கீழே விழுந்தது. நள்ளிரவுக்குப் பிறகு 290. அரை மணிக்கு ஒரு முறை முதலாளி அளவைப் பார்த்துச் சட்டைப்பையில் இருந்த சிறிய நோட்டில் எழுதினார். மெக்கானிக் டார்ச் பிடித்தார். அதிகாலையில் கரண்ட் போகும்வரை இப்படியே நடந்தது.

காயில் ஏன் எரிகிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரவின் அருமை தெரியாது. கிணற்றின் ஆழம் மாறுவதில்லை. தண்ணீரை மேலே தூக்கப் பம்ப் கேட்கும் சக்தியும் அதிகம் குறைவதில்லை. வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் அந்தச் சக்தியைக் கொடுக்கக் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். 415இல் ஏழரை ஆம்பியர் எடுக்கும் மோட்டார், 290இல் பத்தரை ஆம்பியருக்கு மேல் எடுக்கும். காயிலில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது என்பதால் சூடு இரட்டிப்பாகிவிடும். செம்புக் கம்பியின் மேல் பூசிய எனாமல் கருகும், பிறகு கம்பியும் கம்பியும் தொட்டுக்கொள்ளும். விவசாய மோட்டாருக்கான இந்தியத் தரநிர்ணயம் 15 சதவீதக் குறைவு வரை தாங்கும்படி கேட்கிறது. 415க்கு அது சுமார் 353 வோல்ட். அந்த ஊரில் 353 என்பதே நல்ல இரவு. விதிப்படி மோட்டார் சரி, விதிப்படி பொறுப்பு எங்களுடையதல்ல, ஆனால் அந்த மனிதரின் கிணற்றில் நீர் ஏறவில்லை.

மெக்கானிக் இவ்வளவையும் சொல்லிவிட்டு, "திங்கட்கிழமை டெஸ்டிங்குக்கு ஏதோ உத்தரவு போட்டார் என்று கேள்விப்பட்டேன், அது என்னவென்று எனக்குத் தெரியாது" என்றார்.

எனக்குத் தெரியும். அந்தத் திங்கட்கிழமை நான் பெஞ்சில் இருந்தேன். விவசாய மோட்டார்கள் அனைத்தையும் வழக்கமான 415இல் ஓட்டிப் பார்த்த பிறகு, 300 வோல்ட்டுக்கு இறக்கி, பளு ஏற்றி, சூடு நிலைகொள்ளும் வரை ஓட்ட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. காரணம் எதுவும் எழுதியிருக்கவில்லை. முதல் சில வாரங்கள் மோட்டார்கள் தோற்றுக்கொண்டே இருந்தன. பிறகு காயிலைத் தாங்கும் இரும்புத் தகடுகளான ஸ்டாம்பிங் அடுக்கின் நீளத்தைக் கூட்டினார்கள், காயிலுக்குத் தடித்த கம்பி வந்தது, மோட்டாரின் விலை ஏறியது. 300 வோல்ட் டெஸ்ட் நிலைத்துவிட்டது. நான் ஓய்வு பெறும்வரை அதைச் செய்தேன், எனக்குப் பின் வந்தவர்களுக்கும் கற்றுக்கொடுத்தேன். அந்தச் சீட்டுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு எங்கே கழிந்தது என்பது, அவர் இறந்த பிறகு, வேறொரு பிரிவில் இருந்த மனிதர் வாயால் எனக்குத் தெரியவந்தது. கதையின் ஒரு பாதி அவரிடமும் மறு பாதி என்னிடமும் இத்தனை காலம் தனித்தனியே கிடந்திருக்கிறது. இருவரும் ஒரே ஆலையில், ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிட்டவர்கள். அந்த இடத்தில் எனக்கு உரையைப் பற்றிய தயக்கம் போயிற்று. அஞ்சலிக் கூட்டம் எதற்காக என்பதும் பிடிபட்டது. அவரவரிடம் துண்டாகக் கிடப்பதை அவையில் ஒன்று சேர்த்து வைக்கலாம். அதற்கு வேறு சந்தர்ப்பம் வாய்க்காது.

கோபத்தை என்ன செய்வது

முதலாளிக்குக் கோபம் அதிகம். இதை மறைத்துப் பேசினால் அவையில் பாதிப் பேர் யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று யோசிப்பார்கள். விரித்துச் சொன்னால் குடும்பத்தார் நோவார்கள். இரண்டு நாட்கள் இதிலேயே சிக்கிக்கிடந்தேன். அப்போது 2011இல் கேட்ட ஓர் உரை நினைவுக்கு வந்தது.

ஸ்டீவ் ஜாப்ஸ் அந்த ஆண்டு அக்டோபர் 5ஆம் தேதி இறந்தார். இரண்டு வாரம் கழித்து, 19ஆம் தேதி, கூப்பர்டினோவில் ஆப்பிள் வளாகத்துத் திறந்தவெளியில் ஊழியர்கள் கூடினார்கள். மற்ற ஊழியர்களும் பார்க்க வேண்டும் என்பதற்காக விற்பனைக் கடைகளைச் சில மணி நேரம் மூடினார்கள். அங்கே பேசியவர்களில் ஒருவர் தலைமை வடிவமைப்பாளர் ஜோனி ஐவ். அவர் உரையைப் புகழ்ச்சியோடு தொடங்கவில்லை. ஸ்டீவ் தம்மிடம் அடிக்கடி ஓர் அசட்டு யோசனை இருப்பதாகச் சொல்வார் என்று தொடங்கினார். அவற்றில் சில உண்மையிலேயே அசட்டு யோசனைகள், சில படுமோசம், ஆனால் சில யோசனைகளைக் கேட்டால் அறையே மூச்சடங்கிப் போகும் என்றார். பிறகு பயணத்தைப் பற்றிச் சொன்னார். இருவரும் சேர்ந்து பயணம் போவார்கள். விடுதி அறைக்குப் போனதும் ஐவ் பெட்டியைத் திறக்க மாட்டார். கட்டிலில் உட்கார்ந்து தொலைபேசி மணிக்காகக் காத்திருப்பார். இந்த விடுதி மோசம், கிளம்பு என்று ஸ்டீவிடமிருந்து அழைப்பு வரும் என்று அவருக்குத் தெரியும். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பில் அவமதிப்பு துளியும் இல்லை. எதிலும் திருப்தி அடையாத மனிதரோடு வாழ்வது எவ்வளவு கடினம் என்பதை ஐவ் சொல்லிவிட்டார், அந்தத் திருப்தியின்மையிலிருந்துதான் வேலையின் தரம் பிறந்தது என்பதையும் அதோடு சேர்த்தே சொல்லிவிட்டார். இன்னும் சில நிமிடங்கள், பிறகு நன்றி, அவ்வளவுதான். அந்த உரையில் எந்த வரியையும் பிடுங்கி வேறொரு நிறுவனரின் படத்துக்கு முன்னால் வைக்க முடியாது. கட்டிலில் உட்கார்ந்து தொலைபேசிக்குக் காத்திருந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய வரிகள் அவை.

ஆனால் ஐவ் சொன்னது நண்பர்களுக்குள் நடந்தது. எங்கள் முதலாளியின் கோபத்துக்கு ஆளானவர்கள் அவரிடம் சம்பளம் வாங்கியவர்கள். இதை ஒன்றாகப் பாவித்துச் சிரிக்க வைத்தால் நேர்மையாகாது. வைண்டிங் பிரிவில் ஒரு ஃபோர்மேன் இருந்தார். எரிந்துபோன காயிலை முதலாளி எல்லோர் முன்னாலும் அவர் காலடியில் வீசினார். மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை, பிறகும் வரவில்லை. முதலாளி அவரை அழைத்து மன்னிப்புக் கேட்டதாக எனக்குத் தெரியாது. அந்த ஃபோர்மேனைத் தொலைபேசியில் அழைத்து, இப்படி ஒரு கூட்டத்தில் பேசப்போகிறேன், கோபத்தைப் பற்றி ஒரு வரி சொல்ல நினைக்கிறேன் என்றேன். "சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம். கூட்டம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

மகளிடமும் அந்த வரியை முன்கூட்டியே படித்துக் காட்டினேன். இது அவசியம் என்று நினைக்கிறேன். மேடையில் வைத்துக் குடும்பத்தாரைத் திகைக்க வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அவர் கேட்டுவிட்டு, "அப்பாவே இருந்திருந்தால் இதை வெட்டியிருப்பார்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இருக்கட்டும் அண்ணா" என்றார். அவர் கேட்டுக்கொண்டது வேறொன்று: நிறுவனத்தின் எதிர்காலத் திட்டங்களை யாரும் உரையில் தொட வேண்டாம், அப்பாவின் கூட்டத்தில் கம்பெனி விளம்பரம் வேண்டாம். அதையும் ஒப்புக்கொண்டேன். ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கிய சோய்சிரோ ஹோண்டா 1991இல் இறப்பதற்கு முன்னால், தமக்கு நிறுவனத்தின் சார்பில் பெரிய இறுதிச்சடங்கு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். கார் செய்பவனின் சாவினால் சாலையில் நெரிசல் உண்டாகக் கூடாது என்பது அவர் எண்ணம். நிறுவனமும் அதற்குப் பதிலாக நன்றி தெரிவிக்கும் கூட்டங்களையே நடத்தியது. இறந்தவர் எதை விரும்பியிருக்க மாட்டார் என்று தெரிந்த பிள்ளைகள் இருக்கும்போது, பேச வருகிறவரின் வேலை பாதி குறைந்துவிடுகிறது.

பேசியது

மேடையில் நான் படித்ததை அப்படியே இங்கே தருகிறேன்.

"அம்மாவுக்கும் குடும்பத்தாருக்கும், இங்கே கூடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். முதலாளியிடம் வேலை பார்த்தவர்கள் சார்பில் பேசுகிறேன்.

நம் டெஸ்டிங் பிரிவில் ஒவ்வொரு விவசாய மோட்டாரையும் இரண்டு முறை ஓட்டுகிறோம். 415 வோல்ட்டில் ஒரு முறை, 300இல் ஒரு முறை. இரண்டாவது டெஸ்டை எந்த அரசாங்க விதியும் கேட்கவில்லை. அது எப்படி வந்தது என்பதை நானே சில நாட்களுக்கு முன்புதான் தெரிந்துகொண்டேன்.

பல்லடத்துக்கு அப்பால் ஒரு விவசாயியின் மோட்டார் மூன்று முறை எரிந்தது. வோல்டேஜ் குறைவு, நம் தவறல்ல என்று நாம் எழுதிக்கொடுத்தோம். முதலாளி அதைப் படித்துவிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனார். இரவு பதினொரு மணிக்கு மேல் வந்த கரண்ட், விடியும் முன்னால் போகும்வரை மோட்டார் ரூமில் உட்கார்ந்து, அரை மணிக்கு ஒரு முறை வோல்டேஜை எழுதினார். கூட இருந்து டார்ச் பிடித்தவர் இந்த அவையில் இருக்கிறார். திங்கட்கிழமை எங்கள் பெஞ்சுக்கு உத்தரவு வந்தது. மோட்டாருக்குக் கூடுதல் செம்பு தேவைப்பட்டது. விலை ஏறியது. விற்பனை குறையும் என்று பலர் சொன்னார்கள். அவர் மாற்றவில்லை. ஏன் என்று எங்களுக்குச் சொல்லவும் இல்லை.

முதலாளியின் கோபம் பெரியது. அதைத் தாங்க முடியாமல் விலகிப் போனவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இன்று இங்கே வந்திருக்கிறார்கள். அவர்கள் வந்திருப்பதற்கு நான் நன்றி சொல்கிறேன். அந்தக் கோபம் பல நேரம் நியாயமாக இருந்தது, சில நேரம் இல்லை. ஆனால் எரிந்த மோட்டாரை வாங்கியவர் மேல் அவர் ஒருநாளும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

இன்றிரவும் எங்கோ ஒரு தோட்டத்தில் வோல்டேஜ் 300க்கு இறங்கும். நம் மோட்டார் ஓடும். அந்த விவசாயிக்கு முதலாளியின் பெயர் தெரிந்திருக்காது. நமக்குத் தெரியும். நாங்கள் செய்த வேலைக்கு ஓர் அர்த்தம் கொடுத்ததற்காக, முதலாளி, உங்களுக்கு எங்கள் நன்றி."

மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. வழக்கமாகக் கடைசியில் வரும் ஆன்மா சாந்தி அடையட்டும் என்ற வரியை வைக்கவில்லை. அதை எனக்கு முன்னால் பேசியவர்கள் மனதாரச் சொல்லியிருந்தார்கள், எனக்குப் பின்னாலும் சொன்னார்கள். தொழிலாளர் சார்பில் பேசுகிறவன் நன்றியில் முடிப்பதே பொருத்தம் என்று பட்டது. முதல் வரைவில் அவர் படித்த படிப்பு, நிறுவனம் தொடங்கிய ஆண்டு, வாங்கிய விருதுகள் எல்லாம் இருந்தன. அவை அழைப்பிதழின் பின்பக்கத்தில் அச்சாகி எல்லோர் கையிலும் இருந்ததால் எடுத்துவிட்டேன். எழுதும்போது எடுக்கத் தயங்கியது ஒன்றுதான்: மாட்டுவண்டியில் மோட்டாரை ஏற்றி வந்து மரத்தடியில் பேசாமல் உட்கார்ந்திருந்த விவசாயி. அவரைச் சொல்லத் தொடங்கினால் கேட்பவர் மனம் அவர் பின்னால் போய்விடும், முதலாளியிடம் திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஐந்து நிமிட உரை இரண்டு மனிதர்களைத் தாங்காது.

மெக்கானிக் மூன்றாம் வரிசையில் இருந்தார். டார்ச் பிடித்தவர் என்றதும் அவரைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கோபத்தைப் பற்றிய வரியின்போது நான் தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அந்த ஃபோர்மேன் இருக்கும் பக்கம் பார்த்தால் எல்லோரும் அவரைப் பார்ப்பார்கள் என்று முன்பே யோசித்து வைத்திருந்தேன். கூட்டம் முடிந்ததும் அவர் முதலாளியின் மகளிடம் போய்ச் சிறிது நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்று நான் இருவரிடமும் கேட்கவில்லை.

சாப்பாட்டுப் பந்தியில் உடுமலையிலிருந்து வந்த ஒரு டீலர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "விலை ஏறியபோது முதலாளியிடம் சண்டை போட்ட பலரில் நானும் ஒருவன்" என்றார். பழைய மாடலையும் கொடுத்தால்தான் கடை நடத்த முடியும் என்று இவர் பிடிவாதமாக நின்றிருக்கிறார். முதலாளி கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாராம்: டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் தோட்டம் இருப்பவருக்குப் பழைய மாடலைக் கொடுங்கள், லைனின் கடைசியில் இருப்பவருக்குப் புதியதை மட்டும் கொடுங்கள், எது எது என்று நீங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அன்று முதல் இவர் கடையில் மோட்டார் கேட்டு வருகிறவரிடம் விலையைப் பேசும் முன்பு, டிரான்ஸ்பார்மரிலிருந்து உங்கள் தோட்டம் எத்தனை கம்பம் தள்ளி என்று கேட்கிறார். பழைய மாடல் நின்றுபோய் எத்தனையோ ஆண்டுகள் ஆகின்றன, ஆனாலும் கேட்கிறார். பரிமாறிக்கொண்டிருந்த மகள் இதைக் கேட்டு நின்றுவிட்டார், அவருக்கும் இது புதிய செய்தி. அடுத்த டீலர் கூட்டத்தில் இதை எழுந்து சொல்ல வேண்டும் என்று அவரிடம் கேட்டுக்கொண்டார், அவரும் சரி என்றார். எனக்கு இது ஒரு வாரம் முன்னால் தெரிந்திருந்தால், உரையில் செம்பையும் விலையையும் பற்றிய வரிகளை எடுத்துவிட்டு இதை வைத்திருப்பேன்.